ஐயாயிரம் தாளின் அடிவரி

முதலாளிக்கு அந்த யோசனை பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது வந்ததாம். வீங்கிய கன்னத்தோடு வந்த யோசனையை வேறு யாராக இருந்தாலும் வீக்கம் வடியும்வரை தள்ளிப் போட்டிருப்பார்கள். அவர் நேரே அச்சகத்துக்குப் போனார்.

யோசனை இதுதான். கம்பெனிக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் மேலே பெயரும் விலாசமும் அச்சில் இருக்கின்றன. கீழேயும் முடிவு வாசகத்தை அச்சடித்துவிட்டால் என்ன? நடுவில் விஷயத்தை மட்டும் தட்டச்சு செய்தால் போதும். நேரம் மிச்சம், பிழையும் வராது, வாடிக்கையாளருக்கும் மரியாதை. ஆக, ஐயாயிரம் தாளின் அடியிலும் நீல மையில், சாய்ந்த எழுத்தில், இப்படி வந்து இறங்கியது:

'எமது லிஃப்டில் தங்கள் இனிய பயணம் என்றும் தொடர வாழ்த்தி, தங்கள் பேராதரவுக்கு நன்றி கூறி விடைபெறுவது…'

அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம். பக்கத்தில் ஒரு சின்னப் பூ வேறு.

அந்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் கடிதம் அடிப்பவள் ஒருத்திதான். அவளை எல்லாரும் பின்குறிப்பு என்று கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும், சரி என்று தலையாட்டிவிட்டு வாசல் வரை போவாள். அங்கே நின்று திரும்பி, "ஆனா ஒண்ணு சார்" என்பாள். அந்த 'ஆனா ஒண்ணு'வுக்குப் பயந்தே முதலாளி அவள் போனதும் போன் பேசுவதுபோல் நடிப்பார்.

தாள் கட்டுகள் வந்து இறங்கிய அன்று அவள் வாசல் வரைகூடப் போகவில்லை.

"சார், எல்லாக் கடுதாசிக்கும் ஒரே முடிவு எப்படி சார் சரிப்படும்?"

"மரியாதையா முடிச்சா எதுக்கும் சரிப்படும்மா."

"திட்டி எழுதுறதுக்கு?"

"நாம யாரைத் திட்டப் போறோம்?"

பதினோரு வருடமாக அவள்தான் அங்கே திட்டி எழுதுகிறாள். அவருக்கு அது தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார்.

முடிவு வரி விஷயத்தில் அவளோடு மல்லுக்கு நிற்க ஆளில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள். தட்டச்சுப் பரீட்சையை இரண்டாம் முறைதான் பாஸ் செய்தாள். ஆனால் பதினெட்டு வயதிலிருந்து ஏழு வருடம், நீதிமன்ற வாசலில் மனு அடிக்கும் கடையில் உட்கார்ந்திருந்தவள். அங்கே வருகிறவர்கள் பாதி அழுகையில் சொல்வார்கள், மீதியைச் சொல்லாமலே போவார்கள். கடைசியில் என்ன கேட்கிறோம் என்பதை அவர்களே மறந்திருப்பார்கள். அவள்தான் கேட்பாள்: "சரி, இதைப் படிச்சு முடிச்சதும் அவங்க என்ன செய்யணும்?" அதுதான் கடைசி வரி. கேட்டு எழுதினால் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள், யாருக்குப் பதில் என்று நிற்க வேண்டும். எச்சரித்து எழுதினால், கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதில் நிற்க வேண்டும். நன்றி சொன்னால் நன்றியோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அவள் கல்யாணமே ஒரு முடிவு வரியில் நிச்சயமானதுதான். பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வெளியூர் வேலைக்குப் போய் ஒரு கடிதம் போட்டார். அவர் வாழ்நாளில் எழுதியதெல்லாம் விடுப்பு விண்ணப்பம்தான் போலிருக்கிறது. 'உங்களைப் பிடித்திருக்கிறது' என்று எழுதி, கீழே 'ஆகவே தயவுகூர்ந்து அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று முடித்திருந்தார். வீடே உருண்டு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. என்ன வேண்டும் என்று தெரிந்து முடித்த ஆள் என்று அவளுக்கு அப்போதே பட்டுவிட்டது. அந்தக் கடிதம் இன்னும் துணி அலமாரியில், குளிர்காலப் போர்வைக்கு அடியில் இருக்கிறது. கேட்டால், பூச்சி வராமல் இருக்கப் போட்ட காகிதம் என்பாள்.

அப்படிப்பட்டவளின் தலையில்தான் ஐயாயிரம் தாளும் விழுந்தன.

முதல் மாதமே வேடிக்கை ஆரம்பமாயிற்று. ஒரு வாடிக்கையாளரின் தகப்பனார் இறந்துபோனார். அனுதாபக் கடிதம் போகவேண்டும். 'தங்கள் தந்தையார் மறைந்த செய்தி கேட்டு ஆழ்ந்த துயருற்றோம்' என்று அடித்தாள். கீழே, 'எமது லிஃப்டில் தங்கள் இனிய பயணம் என்றும் தொடர வாழ்த்தி' என்று இருந்தது. போய்ச் சேர்ந்தவர் உங்கள் லிஃப்டில்தான் மேலே போனாரா என்று மகன் போனில் கேட்டார். வேலையை விட்டு நிறுத்திய காவலாளி மறுநாளும் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்துகொண்டார். என்றும் தொடரச் சொல்லி முதலாளியே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று தாளைக் காட்டினார்.

"சார், ஒரு நூறு வெள்ளைத் தாள் வாங்கிக் குடுங்க."

"அவ்வளவையும் முடிச்சுட்டு வாங்கிக்கலாம். இன்னும் எத்தனை இருக்கு?"

"நாலாயிரத்து எண்ணூறு சார்."

"அப்ப என்ன அவசரம்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தன் தலையில்தான். வேறு தலை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

ஒரு வருடம் இப்படியே ஓடிற்று. பிறகு ஒரு திங்கட்கிழமை, மெக்கானிக் கையைத் துடைத்தபடி அவள் மேசைக்கு வந்தார். கிரீஸ் அண்ணன் என்று பெயர். அவர் சட்டையின் சொந்த நிறம் என்ன என்பதில் அலுவலகத்தில் இரண்டு கட்சி உண்டு.

"பின்குறிப்பு, அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்கு ஒரு கடுதாசி அடி. நாலாவது மாடிக் கதவுப் பூட்டு தேஞ்சு போச்சு."

"தேஞ்சா என்ன ஆகும்ணே?"

"அது பழைய லிஃப்டும்மா. கையால இழுத்துத் திறக்கிற கதவு. லிஃப்ட் அந்த மாடியில வந்து நின்னாத்தான் பூட்டு விடணும். இப்ப லிஃப்ட் கீழ இருக்கும்போதும் இழுத்தா திறக்குது. திறந்து காலை வெச்சா நேரா குழிதான்."

அவள் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்தாள்.

"நிறுத்திட்டீங்கல்ல?"

"மேல மெஷின் ரூம்ல மெயினை அணைச்சு, பலகை மாட்டிட்டு வந்துட்டேன். ஆனா அவசரத்துக்குன்னு அந்த ரூம் சாவி ஒண்ணு குடியிருப்போர் சங்கச் செயலாளர் கிட்டயும் இருக்கு. புதுப் பூட்டு வர வியாழக்கிழமை ஆகும். அதுவரைக்கும் போடக் கூடாதுன்னு அடிச்சுக் குடு."

அவள் அடித்தாள். காரணம் எழுதினாள், எந்த மாடி என்று எழுதினாள், 'புதிய பூட்டு பொருத்தும்வரை லிஃப்டை இயக்கக் கூடாது' என்று எழுதினாள். தாளின் அடியில் நீல மை புன்னகைத்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தரிக்கோலை எடுத்து அடியை வெட்டப் போனாள். பின்னாலிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

"என்னம்மா, கம்பெனி மானத்தை வெட்டுற?"

"சார், இது எச்சரிக்கைக் கடுதாசி. இதுல போய் பயணம் தொடர வாழ்த்துறோம்னு…"

"உள்ள தெளிவா எழுதியிருக்கல்ல? படிக்கிறவனுக்குத் தெரியாதா? அனுப்பு."

"ஆனா ஒண்ணு சார்…"

முதலாளி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது ஒலிக்கவே இல்லை.

கடிதம் ஆள் கையில் அன்றே போயிற்று. மறுநாள் காலை, கிடைத்ததா என்று கேட்க அவள் செயலாளரைக் கூப்பிட்டாள்.

"கிடைச்சுதும்மா, கிடைச்சுது," என்றது குரல், அறுந்து அறுந்து. "சரியா கேக்கலை… இரு… நான் இப்ப லிஃப்ட்லதான் போயிட்டிருக்கேன்."

அவள் எழுந்தே விட்டாள்.

"எந்த லிஃப்ட்ல சார்?"

"நம்ம லிஃப்ட்லதான். நேத்து பூரா எல்லாரும் என் உயிரை எடுத்துட்டாங்க. சாயங்காலம் உங்க கடுதாசி வந்தது. போய்ப் போட்டுட்டேன்."

"போடக் கூடாதுன்னுதானே சார் எழுதியிருந்தோம்!"

"கடைசியில பயணம் தொடரட்டும், நன்றின்னு போட்டிருந்ததேம்மா. நான் முப்பது வருஷம் ஆபீஸ்ல குப்பை கொட்டினவன். கடுதாசி வந்தா முதல்ல கடைசி பாராவைத்தான் பார்ப்பேன். விஷயம் அங்கதானே இருக்கும்? வேலை முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள்ளேயே, பாவி மனுஷன் சரியாகத்தான் படித்திருக்கிறான் என்ற எண்ணமும் வந்தது. ஏழு வருடம் மனு அடித்த கடையில் அவள் கற்றதும் அதைத்தானே.

"சார், இறங்கினதும் மெயினை அணைங்க. யாரையும் நாலாவது மாடிக் கதவைத் தொட விடாதீங்க. கேக்குதா? சார்?"

கேட்கவில்லை. போன் செத்திருந்தது. திரும்பக் கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி வேறு வேலையாக வெளியே போயிருந்தார். "அண்ணே, வண்டியை எடுங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் கிரீஸ் அண்ணன் டீயை முழுங்காமலே எழுந்தார்.

கட்டடத்துக்குப் போய்ச் சேர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தாள். முதலாளியை, அச்சகத்தை, பல் டாக்டரை, பூ வரைந்தவனை. நாலு சிக்னலிலும் சிவப்பு விழுந்தது. சிவப்பையும் திட்டினாள்.

"நீ திட்டுறதுல எனக்கே ஏதோ தப்பு செஞ்ச மாதிரி இருக்கும்மா," என்றார் அண்ணன்.

"நீங்களும்தான். ஃப்யூஸைப் பிடுங்கிட்டு வந்திருக்கலாம்ல?"

அவர் வண்டியை இன்னும் முறுக்கினார்.

அங்கே லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றிருந்தது. செயலாளரைக் காணோம். அண்ணன் கீழ்த்தளத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஒரு கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. அவள் படியேறினாள். மூன்றாவது மாடியிலேயே மூச்சு முட்டிற்று. நாலாவது மாடித் திருப்பத்தில் தலையை நீட்டியபோது, ஒரு பெண் துணிக்கூடை நிறைந்த சக்கர வண்டியை இழுத்தபடி பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். அந்த மாடியில் குடியிருந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் டியூஷன் டீச்சர் என்று வீட்டு வாசல் பலகை சொன்னது. முகம் வண்டியைப் பார்த்திருந்தது, முதுகு லிஃப்டைப் பார்த்திருந்தது. பழக்கப்பட்ட கை, திரும்பாமலே கதவின் பிடியைத் தேடி எடுத்து இழுத்தது.

கதவு திறந்தது. உள்ளே இருட்டு.

"டீச்சர்! நில்லுங்க!"

பன்னிரண்டு வருடமாக முதலாளியிடம் காட்டாமல் சேர்த்து வைத்த சத்தம் முழுதும் அந்த ஒரு கூப்பாட்டில் வந்தது. டீச்சர் திடுக்கிட்டு வண்டியை விட்டாள். வண்டி சரிந்து, மேலே இருந்த கூடை உருண்டு, கதவிடுக்கு வழியாக உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ ஆழத்தில், லிஃப்டின் தலையில் தொப்பென்று விழுந்த ஓசை வந்தது.

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் தன் வீட்டு வாசல்வரை பின்வாங்கினாள்.

"என்ன ஆச்சு? என்ன சத்தம்?" என்று செயலாளர் ஐந்தாவது மாடியிலிருந்து இறங்கி வந்தார், வாயில் பல் துலக்கும் பிரஷோடு. பிரஷ் இருந்தபடியால்தான் போனை எடுக்கவில்லையாம்.

பின்குறிப்பு, திறந்திருந்த கதவை விரலால் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். பிரஷ் வாயிலிருந்து நழுவி, கூடை போன வழியே போயிற்று.

"கடைசி வரியில…" என்று தொடங்கினார்.

"தெரியும் சார். உங்க மேல தப்பில்ல. டீச்சர், ஒரு வெள்ளைத் தாள் இருக்குமா?"

டீச்சர் ஒரு பையனின் கணக்கு நோட்டிலிருந்து நடுத்தாளைப் பிடுங்கித் தந்தாள். பின்குறிப்பு படியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுதினாள். மேலே இரண்டே வரியில் காரணம். பிறகு:

'எங்கள் மெக்கானிக் பூட்டை மாற்றி, லிஃப்ட் பாதுகாப்பானது என்று எழுத்தில் தரும்வரை யாரும் இதை இயக்கக் கூடாது. மீறி இயக்கினால் நான்காம் மாடியில் ஆள் குழியில் விழுந்து உயிரிழக்க நேரும். அதற்கு இயக்கியவரே முழுப் பொறுப்பு. இதைப் படித்துப் புரிந்துகொண்டதற்குக் கையெழுத்திட்டு இப்போதே திருப்பித் தரவும்.'

அவ்வளவுதான். நன்றி இல்லை, வணக்கம் இல்லை, பூ இல்லை. செயலாளர் வழக்கம்போல் முதலில் கடைசி பாராவைப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். கையெழுத்திட்டார். அண்ணன் மேலே ஏறி மெயினை அணைத்து, இந்த முறை ஃப்யூஸையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாலாவது மாடிக் கதவுக்குக் குறுக்கே கம்பி கட்டினார். அந்தக் கடிதத்தின் நகல் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒட்டப்பட்டது. அன்றைக்குச் செயலாளர் ஆறு மாடியும் நடந்தார்.

அலுவலகம் திரும்பியதும் அவள் உட்காரவில்லை. பூட்டு கேட்டு உதிரிபாகக் கடைக்குத் திங்களன்று எழுதிய கடிதமும் அதே தாளில்தானே போனது என்பது வழியிலேயே உறைத்திருந்தது. கூப்பிட்டாள். அவள் பயந்தபடியே ஆயிற்று. "நன்றின்னு முடிஞ்சிருந்ததும்மா, ஏற்கெனவே கிடைச்சிடுச்சுன்னு எடுத்து வெச்சுட்டோம்" என்றார்கள். வரும் வழியில் வாங்கிய வெள்ளைத் தாளை எடுத்து மறுபடி எழுதி, கீழே இப்படி முடித்தாள்: 'வியாழன் காலை பத்து மணிக்குள் பூட்டு எங்கள் கைக்கு வரவேண்டும். அனுப்ப முடியுமா, முடியாதா என்பதை இன்று மாலைக்குள் தெரிவிக்கவும்.' மாலையில் பதில் வந்தது. வியாழன் ஒன்பதரைக்குப் பூட்டே வந்தது.

நேரத்துக்கு அனுப்பியதற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் அடித்தபோதுதான் முதலாளி வந்து நின்றார்.

"அப்படியே கீழ, அடுத்த ஆர்டரையும் இதே மாதிரி சீக்கிரம் அனுப்பணும்னு சேர்த்துடு."

"அதை நாளைக்குத் தனியா கேட்டுக்கலாம் சார். நன்றி சொல்லிட்டுக் கையை நீட்டினா, நன்றி சொன்னதே அதுக்குத்தான்னு ஆயிடும்."

அவர் தாளை உற்றுப் பார்த்தார். "இது என்ன தாள்? நம்ம தாள் எங்க?"

அப்போதுதான் மொத்தமும் வெளியே வந்தது. நோட்டுத் தாள், முதலாளியின் கையெழுத்தில்லாத கடிதம், அடிவரி இல்லாத தாள். கூடை விழுந்ததையும் அவள் சொன்னாள். அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் வெளுத்த முகத்தோடு ஒருவரால் எவ்வளவு நேரம் முதலாளியாக இருக்க முடியும்? கோபத்தை வரவழைத்துக்கொண்டார்.

"நீ செஞ்சது நல்லதுக்குத்தான். இருந்தாலும் ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு. உனக்கு ஒரு மெமோ தரப் போறேன். அடி."

"எனக்கு நானேவா சார்?"

"வேற யாரு அடிப்பா?"

அவள் அடித்தாள். அவர் பின்னால் கை கட்டிக்கொண்டு நடந்தபடி சொன்னார்: 'இனி அலுவலகத் தாளைத் தவிர வேறு தாளில் கடிதம் அனுப்பினால், வேலையிலிருந்து நீக்குவது உட்படக் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' அவர் ஆணைப்படியே அலுவலகத் தாளில் அடித்து, எடுத்து நீட்டினாள்.

"படி."

படித்தாள். நிறுத்தாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், கடைசி வரை படித்தாள். "…கடும் நடவடிக்கை எடுக்கப்படும். எமது லிஃப்டில் தங்கள் இனிய பயணம் என்றும் தொடர வாழ்த்தி, தங்கள் பேராதரவுக்கு நன்றி கூறி விடைபெறுவது… சார், இங்க உங்க கையெழுத்து."

கிரீஸ் அண்ணன் இருமுவதுபோல் வெளியே போனார்.

முதலாளி தாளை வாங்கினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். மூச்சு விட்டார்.

"இப்படி முடிஞ்சா இதை யாரும்மா மதிப்பாங்க?"

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் வெட்டினார். பழக்கமில்லாத கை, கோணலாக வந்தது. பூவில் பாதி மேலே ஒட்டிக்கொண்டது. பிறகு மெமோவை நாலாய் மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை.

"எத்தனை தாள் மிச்சம் இருக்கு?"

"மூவாயிரத்து நானூத்தி பன்னிரண்டு சார்."

"எல்லாத்துலயும் அடியை வெட்டிடு. வேணுங்கிற மாதிரி முடிச்சுக்கோ." வாசல் வரை போனவர் நின்று திரும்பினார். "ஆனா ஒண்ணு. நேரா வெட்டு."

அதாவது, அவர் பல் வலியில் கண்ட யோசனைக்கு இவள் கை வலிக்க வேண்டும். அளவுகோலும் பிளேடுமாக இரண்டு நாள் வெட்டினாள். விரலில் கொப்புளம் வந்தது. வீட்டில் கணவர் எண்ணெய் தடவிவிட்டு, "லீவு லெட்டர் எழுதித் தரட்டுமா?" என்றார். அது ஒன்றுதான் அவருக்கு நன்றாக வரும்.

வியாழனன்று போட்ட புதுப் பூட்டைச் சோதிக்க, சனிக்கிழமை ஆறு மாடிக்கும் ஏற்றி இறக்கி, ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்த்து, பாதுகாப்பானது என்று எழுதிக் கொடுக்க அண்ணன் கிளம்பியபோது அவளும் கூடப் போனாள். கையில் ஒரு துண்டுக் காகிதமும் பசையும். லிஃப்டுக்குள், பொத்தான்களுக்கு மேலே, கண் படும் உயரத்தில் அதை ஒட்டினாள்.

டியூஷன் டீச்சர் நாலாவது மாடியில் ஏறினாள். இந்த முறை முகம் முன்னால் இருந்தது. லிஃப்ட் வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கதவில் கை வைத்தாள். உள்ளே வந்து, நீல மைத் துண்டை வாய்விட்டுப் படித்தாள். "எமது லிஃப்டில் தங்கள் இனிய பயணம் என்றும் தொடர வாழ்த்தி… நல்லாத்தான் எழுதியிருக்காங்க. யார் எழுதினது?"

"எங்க முதலாளி," என்றாள் பின்குறிப்பு. "இன்னும் மூவாயிரத்து நானூத்தி பதினொண்ணு இருக்கு. வேணுமா?"